பத்திரம் அப்பா பேரில், பட்டா விற்றவர் பேரில்: இப்போது யாரோ வந்து வேலிக்கல் நடுகிறார்கள்

பின்னலாடை_முருகன்

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது திருப்பூரில், சொந்த ஊர் திண்டுக்கல் மாவட்டம். அப்பா 1994-ல் ஊரில் 20 சென்ட் புன்செய் கிரயம் வாங்கினார். பத்திரம் பதிவானது, அசல் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஆனால் பட்டா மாற்றவே இல்லை. விற்றவர் நல்ல மனுஷன், ‘அதுக்கென்ன, அப்புறம் மாத்திக்கலாம்’ என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டே முப்பது வருஷம் போய்விட்டது. இப்போது இரண்டு பேருமே இல்லை.

போன வாரம் சித்தப்பா போன் செய்தார், நம்ம நிலத்தில் யாரோ கல் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள் என்று. போய்ப் பார்த்தால் வெளியூர்க்காரர் ஒருவர், கையில் கம்ப்யூட்டர் பட்டா. விற்றவரின் மகன்கள் 2024-ல் அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வில்லங்கம் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினாராம், வில்லங்கத்தில் எங்கள் அப்பா பெயரே வரவில்லையாம். அவரைப் பார்த்தால் ஏமாற்றுகிறவர் மாதிரியும் தெரியவில்லை.

என் கேள்வி ஒன்றுதான். பட்டா பெரிதா, பத்திரம் பெரிதா?

ரியல்_ரவி

நண்பரே, கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன். பதினைந்து வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பார்ட்டி வந்ததும் முதலில் கேட்பது பட்டாவைத்தான். பேங்க் கேட்பது பட்டா, ஈபி சர்வீஸுக்குப் பட்டா, பிளான் அப்ரூவலுக்குப் பட்டா. பட்டா யார் பேரிலோ அவர்தான் ஓனர், அரசாங்கமே அவர்தான் என்று சொல்கிறது. பட்டா இல்லாத பத்திரத்தை வைத்து என்ன செய்ய முடியும்? பேசி ஒரு தொகை வாங்கிக்கொண்டு ஒதுங்குவது நல்லது.

வாய்தா

ரவி அண்ணன் சொன்னதில் பேங்க், ஈபி வரைக்கும் சரி. ‘அவர்தான் ஓனர்’ என்றது தப்பு. நூறு ரூபாயும் அதற்கு மேலும் போகிற நிலத்தைக் கிரயம் செய்யப் பதிவான பத்திரம் வேண்டும் என்று 1882-ம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் சொல்கிறது. உரிமை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிற இடம் அது. பட்டா வருவாய்த்துறைக் கணக்கு, இந்த நிலத்துக்கு யாரிடம் தீர்வை வாங்குவது என்று தாசில்தார் வைத்திருக்கிற பெயர். பட்டா மாறினால் உரிமை வந்துவிடாது, மாறாவிட்டால் போய்விடாது. 1996-ல் சாவர்னி எதிர் இந்தர் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான், எங்கள் ஆபீஸில் இந்தத் தீர்ப்பைப் போடாமல் ஒரு வழக்கு போவதில்லை. (நான் வக்கீல் இல்லை, வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா.)

இன்னொன்று. 1994-லேயே விற்று முடித்துவிட்டார் என்றால், அவர் சாகும்போது அந்த 20 சென்ட் அவரிடம் இல்லை. இல்லாததை மகன்கள் எப்படி வாரிசாக வாங்கி எப்படி விற்பார்கள்?

பழைய_சங்கிலி

முருகன் தம்பி, நான் சர்வே இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன். எது பெரிது என்ற சண்டை இருக்கட்டும், முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். அப்பா பத்திரத்தின் சொத்து விவரத்தில் சர்வே நம்பர் எழுத்துப் பிசகாமல் எப்படி எழுதியிருக்கிறது? அந்த வெளியூர்க்காரர் பட்டாவில் என்ன நம்பர், பரப்பு எவ்வளவு? அவர் வில்லங்கம் எந்த நம்பருக்குப் போட்டார்?

பின்னலாடை_முருகன்

ஐயா, பத்திரத்தில் ‘சர்வே 118/2 நம்பர் புன்செய் ஏக்கர் 0.84-ல் வடபுறம் ஏக்கர் 0.20’ என்று இருக்கிறது, நான்கு பக்கமும் எல்லை என்ன என்று நான்கு மால் சொல்லியிருக்கிறது. வெளியூர்க்காரர் பட்டாவில் 118/2B, பரப்பு 0 - 20.24. அதாவது எங்கள் 20 சென்ட்தான், சரியாகப் பொருந்துகிறது. அவர் வில்லங்கம் 118/2B-க்கு 1975-லிருந்து போட்டிருக்கிறார், காப்பி காட்டினார். சுத்தமாக இருக்கிறது.

பழைய_சங்கிலி

பொருந்தவில்லை தம்பி, அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். பட்டாவில் அந்தக் கட்டத்தின் தலைப்பைப் பாருங்கள், ‘ஹெக்-ஏர்’ என்று இருக்கும். 20.24 என்பது ஏர், சென்ட் இல்லை. ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட். கணக்குப் போட்டால் 50 சென்ட் வருகிறது. உங்கள் 20 சென்ட் பட்டாவில் ஏறினால் 8.09 ஏர் என்றுதான் வரும்.

ஆக அவர் வாங்கியிருப்பது 50 சென்ட். உங்களுடைய 20 அதற்குள் இருக்கிறது, இன்னும் 30 சென்ட் வேறு யாருடையதோ. 118/2 மொத்தம் 84 சென்ட் என்று பத்திரமே சொல்கிறது. 50 போனால் 34, அது 118/2A என்ற பெயரில் யாரிடமோ இருக்க வேண்டும். ஊரில் விசாரியுங்கள்.

வில்லங்கம் சுத்தமாக வந்த காரணமும் இதுதான். உங்கள் அப்பா வாங்கியபோது 2A, 2B என்று எதுவும் பிறக்கவில்லை. அவர் பத்திரம் 118/2 என்ற நம்பரில் அட்டவணையில் உட்கார்ந்திருக்கிறது. பிறகு வந்த 2B நம்பரைக் கொடுத்துத் தேடினால், 1975-லிருந்து என்ன, வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தேடினாலும் வராது. tnreginet தளத்தில் 118/2 என்று தனியாகவும், 118 என்று தனியாகவும், 2A, 2B என்று தனித்தனியாகவும் போட்டுப் பாருங்கள்.

தேன்மொழி_92

இதே பிரச்சினைதான் எங்களுக்கும்! அம்மாவுக்கு ஆதிதிராவிடர் நலத்துறையிலிருந்து வீட்டுமனைப் பட்டா கொடுத்தார்கள், பத்திரம் கிடையாது. வாய்தா அண்ணா சொல்வதைப் பார்த்தால் பத்திரம் இல்லாமல் உரிமையே இல்லை போலிருக்கிறதே. இப்போது நாங்கள் போய்ப் பத்திரம் பதிய வேண்டுமா? ஒருவர் பதினைந்தாயிரம் கேட்கிறார்.

வாய்தா

தங்கச்சி, ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் கேஸ் வேறு. முருகன் நிலத்தில் ஒருவர் இன்னொருவருக்கு விற்றார், அதற்குப் பத்திரம் சாட்சி. உங்கள் அம்மாவுக்கு நிலத்தைக் கொடுத்தது அரசாங்கம். அங்கே பட்டா என்று நீங்கள் சொல்கிற அந்த ஒப்படை உத்தரவுதான் மூலம், அதற்கு முன்னால் பத்திரம் ஒன்று இருக்கவே முடியாது. அதில் பின்பக்கம் நிபந்தனை அச்சடித்திருக்கும், இத்தனை வருஷம் விற்கக்கூடாது என்று. அதைப் படித்து வையுங்கள். கிராமக் கணக்கிலும் அம்மா பெயர் ஏறியிருக்கிறதா என்று மட்டும் விஏஓவிடம் கேளுங்கள், நிறைய ஊரில் தாளைக் கொடுத்துவிட்டுக் கணக்கில் ஏற்றாமல் விட்டிருக்கிறார்கள்.

தேன்மொழி_92

நன்றி அண்ணா. ஒரே பெயர் வைத்திருப்பதால் வந்த குழப்பம். ரெண்டையும் பட்டா என்றால் நாங்கள் என்ன செய்வது.

பின்னலாடை_முருகன்

சங்கிலி ஐயா, நீங்கள் சொன்ன மாதிரியே போட்டேன். 118/2-க்குப் போட்டதும் மூன்று பத்திரம் வந்துவிட்டது. 1994-ல் அப்பா 20. 1997-ல் இன்னொருவர் 30, அவர் குடும்பம் கோயம்புத்தூர் போய்விட்டது என்று சித்தப்பா சொல்கிறார். 2003-ல் மூன்றாவது ஆள் 34. கூட்டினால் 84, ஒரு சென்ட் மிச்சமில்லை. விற்றவர் 2003-லேயே எல்லாவற்றையும் விற்று முடித்துவிட்டார். அப்படியிருக்க 50 சென்ட் எப்படி அவர் பேரில் நின்றது? மூன்றாவது ஆளுக்குப் பட்டா கொடுக்கும்போது தாசில்தார் ஆபீஸில் மற்ற இரண்டு பத்திரத்தையும் பார்த்திருக்க மாட்டார்களா?

பழைய_சங்கிலி

பார்க்க மாட்டார்கள் தம்பி. நான் அந்தப் பக்கம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். மனு கொடுத்தவர் மூன்றாவது ஆள். அவர் பத்திரத்தின் நகல் ஃபைலில் இருக்கும். சர்வேயர் போய் அவருடைய 34 சென்ட்டை அளந்து, புலப்படத்தில் ஒரு கோடு போட்டு, அந்தத் துண்டுக்கு 2A என்று பெயர் வைப்பார். மீதி என்னவோ அது 2B. 2B-க்குப் பட்டாதாரர் யார்? முன்பு 118/2-க்கு யாரோ அவரே. உங்கள் அப்பா மனு கொடுக்கவில்லை, அதனால் அந்த ஃபைலைப் பொறுத்தவரை அப்படி ஒரு ஆளே இல்லை.

எல்லாத் தப்பும் இப்படித்தான் தொடங்குகிறது. உட்பிரிவு செய்யும்போது நோட்டீஸ் போகும், ஆனால் பட்டாவில் பெயர் உள்ளவருக்கும் பக்கத்துப் பட்டாதாரருக்கும்தான் போகும். பத்திரம் வாங்கிவிட்டுப் பட்டா மாற்றாதவர் சட்டப்படி உரிமையாளர், ஆனால் அரசாங்கத்துக்கு அவர் முகவரி தெரியாது. விற்றவர் இறந்ததும் மகன்கள் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்து 2B-யைத் தங்கள் பேருக்குக் கூட்டுப்பட்டாவாக மாற்றியிருப்பார்கள். உங்களுக்கு அப்போதும் நோட்டீஸ் இல்லை.

கருப்பு_மசி

பத்திர எழுத்தர் நான். சங்கிலி ஐயா விட்ட இடத்திலிருந்து எங்கள் பக்கத்தைச் சொல்கிறேன். 2024-ல் மகன்கள் பதிவுக்கு வந்தபோது 55-ஏ விதி இருந்தது, 2022-ல் கொண்டுவந்தது. எழுதிக் கொடுப்பவர் முன்பத்திரத்தின் அசலைக் காட்ட வேண்டும் என்பது விதி. ஆனால் முன்பத்திரமே இல்லாத பூர்வீகச் சொத்து என்றால் பட்டா, வரி ரசீது மாதிரி வருவாய் ஆவணம் போதும் என்று அதிலேயே வழி வைத்திருந்தார்கள். மகன்கள் பூர்வீகம் என்று சொல்லிப் பட்டாவைக் காட்டியிருப்பார்கள். பதிவு முடிந்ததும், 2B முழுசாகப் போனதாலும் விற்றவர்கள் பெயரும் பட்டாப் பெயரும் ஒன்றாக இருந்ததாலும், பட்டா தானாகவே வாங்கியவர் பேருக்கு மாறியிருக்கும். விஏஓ, சர்வேயர் யாரும் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். உட்பிரிவு இல்லாத கிரயத்துக்கு இப்போது அதுதான் நடைமுறை.

அந்த 55-ஏயின் முதல் உட்பிரிவை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது, கோபி என்பவர் போட்ட வழக்கு. காரணம் என்ன தெரியுமா? எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது சார்பதிவாளர் வேலையே இல்லை, 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டம் அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கவில்லை என்பதுதான். தாசில்தாரும் உரிமை பார்ப்பதில்லை, சார்பதிவாளரும் பார்ப்பதில்லை. ஆனால் ஜனங்கள் இரண்டு ஆபீஸ் சீலையும் பார்த்துவிட்டு யாரோ ஒருவர் பார்த்திருப்பார் என்று நம்புகிறார்கள்.

ரியல்_ரவி

எல்லாம் சரி, ஆனால் அந்த வெளியூர்க்காரர் பாவம் என்ன செய்தார்? காசு கொடுத்து, பட்டா பார்த்து, வில்லங்கம் பார்த்து, பதிவு செய்து வாங்கியிருக்கிறார். இதற்கு மேல் ஒரு சாதாரண மனுஷன் என்ன பார்க்க முடியும்? நல்லெண்ணத்தில் வாங்கியவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது என்று எங்கள் வக்கீல் சொல்லியிருக்கிறார்.

வாய்தா

இருக்கிறது, ஆனால் இந்த இடத்தில் உதவுமா என்பது சந்தேகம் அண்ணா. பதிவான பத்திரம் இருந்தால் அது ஊருக்கே சொன்ன மாதிரி, பின்னால் வாங்குகிறவருக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அவர் 118/2 என்று தேடாமல் 2B என்று தேடியது அவர் பாடு. ஒரே சொத்தை இரண்டு தடவை விற்றால் முதலில் வாங்கியவருக்குத்தான் முன்னுரிமை. அவர் பணத்துக்கு மகன்களைத்தான் பிடிக்க வேண்டும், பத்திரத்திலேயே ‘வில்லங்கம் ஏதும் இல்லை, வந்தால் நாங்களே முன்னின்று தீர்த்துக் கொடுப்போம்’ என்று எழுதியிருப்பார்கள். அந்த வரி எல்லாப் பத்திரத்திலும் இருக்கும், யாரும் படிப்பதில்லை.

கொடைரோடு_பாட்டி_பேரன்

பட்டா மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் கதையையும் சொல்கிறேன். ரோடு அகலப்படுத்த நிலம் எடுத்தார்கள். தாத்தா பத்திரம் வைத்திருந்தார், பட்டா பழைய ஆள் பேரில். இழப்பீட்டு நோட்டீஸ் பழைய ஆளுக்குப் போனது, அவர் கையெழுத்துப் போட்டுப் பணத்தையும் வாங்கிவிட்டார். எங்களுக்கு விஷயம் தெரிந்ததே ஜேசிபி வந்த அன்றுதான். இப்போது கேஸ் நடக்கிறது, பாட்டி ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தப் பத்திரத்தை மஞ்சப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வருகிறார்.

பின்னலாடை_முருகன்

படிக்கும்போதே வயிறு கலங்குகிறது. சரி, இப்போது நான் செய்ய வேண்டியது என்ன? நேற்று தாலுகா ஆபீஸ் போனேன், பத்திரத்தைக் காட்டினேன். ‘இதில் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, சிவில் கோர்ட்டுக்குப் போங்க’ என்று இரண்டே வரியில் அனுப்பிவிட்டார்கள்.

வாய்தா

வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். எழுத்தில் ஆட்சேபணை மனு கொடுங்கள். 1994 பத்திர நகல், 118/2-க்கான வில்லங்கம், 2B பட்டா, மூன்றும் வைத்து, 2B பட்டாவில் எங்களுக்கும் உரிமை உள்ளது, எங்களை விசாரிக்காமல் மேற்கொண்டு எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்று எழுதுங்கள். ரசீது வாங்குங்கள். தாசில்தார் உத்தரவு பாதகமாக வந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலர். பட்டா பாஸ்புக் சட்டம் 1983-ல் அந்தப் படிகள் இருக்கின்றன.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், உரிமைத் தகராறு என்று வந்துவிட்டால் தாலுகா ஆபீஸ்காரர் சொன்னதுதான் கடைசியில் நடக்கும். கோர்ட்டில் நிலம் உங்களுடையது என்று விளம்புகைப் பரிகாரமும், கூடவே தடையாணையும் கேட்க வேண்டும். சில பேர் செலவு மிச்சம் என்று தடையாணை மட்டும் போடுவார்கள், எதிராளி கையில் ஒரு பத்திரமும் பட்டாவும் இருக்கும்போது அது நிற்காது. இன்னொன்று, விளம்புகைக்கு மூன்று வருஷக் கெடு, உங்கள் உரிமைக்கு இடைஞ்சல் வந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். கல் இறங்கிய தேதியைக் குறித்து வையுங்கள், படம் எடுத்து வையுங்கள். தள்ளிப்போடாதீர்கள், உங்கள் வீட்டில் தள்ளிப்போட்டது போதும்.

பழைய_சங்கிலி

நான் ஒன்று சேர்க்கிறேன். அனுபவம் யாரிடம் இருந்தது என்பது ரொம்ப முக்கியம். 1994-லிருந்து அந்த இடத்தில் யார் உழுதது? அடங்கலில் என்ன பயிர் எழுதியிருக்கிறது, கந்தாய ரசீது ஏதாவது இருக்கிறதா? பெட்டியைக் கவிழ்த்துத் தேடுங்கள்.

பின்னலாடை_முருகன்

கந்தாயம் விற்றவர் பேரில்தான் ரசீது வரும், ஆனால் கட்டியது அப்பா. ஏழெட்டு ரசீது பெட்டியில் கிடைத்தது, ஒன்றின் பின்னால் அப்பா பென்சிலில் ‘நான் கட்டியது’ என்று எழுதியிருக்கிறார். அவருக்கு உள்ளூர ஏதோ உறுத்தியிருக்கிறது போல. நிலத்தைச் சித்தப்பாதான் சோளம் போட்டு வந்தார், நாலைந்து வருஷமாகத் தரிசு.

அப்புறம் கோயம்புத்தூர் குடும்பத்தைப் பிடித்துவிட்டோம். அவர்களுக்கும் ஒன்றும் தெரியாது, 30 சென்ட் பத்திரம் பீரோவில் பத்திரமாக இருக்கிறதாம். சேர்ந்தே கேஸ் போடலாம் என்கிறார்கள். ஆனால் புதுக் குழப்பம் ஒன்று. அவர்கள் பத்திரத்திலும் ‘வடபுறம்’ என்றுதான் இருக்கிறது.

பழைய_சங்கிலி

அப்படியா. அவர்கள் பத்திரத்தில் நான்கு மாலில் உங்கள் அப்பா பெயர் வருகிறதா? ‘இன்னார் நிலத்துக்குத் தெற்கு’ என்று இருந்தால் நீங்கள் வடக்கு ஓரம், அவர்கள் அடுத்து. வரவில்லை என்றால் அளந்து, கல் பார்த்து, அக்கம்பக்கத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பரப்புக்கும் மாலுக்கும் முரண் வந்தால் மால்தான் நிற்கும் என்று நாங்கள் வேலை செய்தோம்.

கருப்பு_மசி

எல்லா நேரமும் இல்லை ஐயா. மாலே தெளிவில்லாமல் எழுதியிருந்தால் பரப்பைப் பிடித்துக்கொண்ட தீர்ப்பும் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்து எழுத்தர்கள் பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே நகல் அடித்துவிடுவார்கள், நிலத்துக்கே போகாமல். என் அப்பாவும் அந்தத் தொழில்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

ரியல்_ரவி

முருகன், நான் முதலில் ஒதுங்கச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பட்டா பார்க்காமல் வாங்கு என்று மட்டும் எவனுக்கும் சொல்ல மாட்டேன். இனிமேல் பார்ட்டிக்கு வில்லங்கம் போடும்போது தாய் நம்பருக்கும் சேர்த்துப் போடச் சொல்கிறேன்.

பின்னலாடை_முருகன்

கோயம்புத்தூர்க்காரர்கள் பத்திரத்தின் மால் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார்கள். வடக்கில் ‘வண்டிப்பாதை’ என்று இருக்கிறது. எங்கள் பத்திரத்திலும் வடக்கில் அதே வண்டிப்பாதை. இரண்டு பேருக்கும் வடக்கில் பாதை எப்படி இருக்க முடியும் என்று சித்தப்பாவைக் கேட்டேன். அந்தப் பாதை மேற்கே போய்த் தெற்காக வளையும், இப்போது பாதியை உழுதுவிட்டார்கள் என்கிறார். ஆட்சேபணை மனு கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். வெளியூர்க்காரர் கல் நடுவதை நிறுத்தியிருக்கிறார், அவரும் மகன்களைத் தேடிக்கொண்டிருக்கிறாராம். சங்கிலி ஐயா, புலப்படத்தில் அந்த வண்டிப்பாதை தெரியுமா?

பழைய_சங்கிலி

பொதுப் பாதையாக இருந்தால் தனி உட்பிரிவாகவோ புள்ளிக்கோடாகவோ தெரியும். தனியார் நிலத்துக்குள் ஒப்புக்கு விட்ட பாதை என்றால் தெரியாது. புலப்பட நகலை எடுத்து இங்கே போடுங்கள், 2B பிரிப்பதற்கு முந்தைய பழைய படமும் தாலுகாவில் கேட்டு வாங்குங்கள். பார்த்துச் சொல்கிறேன்.